ஒரே கழுத்து, இரண்டு குழாய், இரண்டு முடிவு

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கும் 61 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட ஆள்தான் அவர். ஆனால் அவருக்கு நடப்பது எதுவும் அரிதானதல்ல. முப்பது வருடமாகப் பீடி. பத்து வருடமாக ரத்த அழுத்தம், மாத்திரை எடுப்பதும் விடுவதுமாக இருக்கிறார். சர்க்கரையும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை, விரித்த தோலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வலது கை அதை நழுவவிட்டது. விரல்கள் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பையனிடம் ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை குழறியது. "அண்ணே, வெயில்தான், உட்காருங்க" என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் கை பழையபடி ஆனது, பேச்சும் தெளிந்தது. மதியம் அவர் மறுபடி வேலையில் நின்றார். வலியும் இல்லை, மயக்கமும் இல்லை. மருத்துவரிடம் போக ஒரு காரணமும் தெரியவில்லை.

அந்த இருபது நிமிடத்தில் நடந்தது ஒரு பக்கவாதம். நல்லவேளையாக அது முழுமையாகவில்லை, அவ்வளவுதான். இதைத் தற்காலிகப் பக்கவாதம் என்கிறார்கள். மருத்துவமனையில் டி.ஐ.ஏ. என்று எழுதுவார்கள். இது வந்தவர்களுக்கு உண்மையான பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும், முதல் 48 மணி நேரம் மிக மோசம். கை சரியாகிவிட்டது என்பது ஆபத்து விலகியதற்கு அடையாளமல்ல. காரணம் அவர் கழுத்தில் அப்படியே இருக்கிறது.

கழுத்தின் இரு பக்கமும், குரல்வளை மேட்டுக்கு அருகே விரலை வைத்தால் துடிப்பது கரோட்டிட் தமனி. குரல்வளையின் மேல் விளிம்பு உயரத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் தலைத் தோலுக்கும் போகிறது. மற்றொன்று, உட்கிளை, மண்டையோட்டுக்குள் நுழைந்து மூளைக்கும் கண்ணுக்கும் ரத்தம் தருகிறது. பிரியும் இடத்தில் உட்கிளையின் தொடக்கம் சற்று உப்பலாக இருக்கும். அங்கே ரத்தம் நேராக ஓடாமல், வெளிச்சுவரை ஒட்டி வேகம் குறைந்து சுழல்கிறது. பாலாற்றில் தண்ணீர் ஓடும்போது வளைவின் மெதுவான ஓரத்தில்தான் மணல் சேரும். இங்கேயும் அந்த மெதுவான ஓரத்தில்தான் கொழுப்பு சேர்கிறது. கழுத்துத் தமனியின் மற்ற பகுதிகள் பெரும்பாலும் சுத்தமாக இருக்க, இந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் கெட்டுப்போவது இதனால்தான். அறுவை சிகிச்சை சாத்தியமாவதும் இதனால்தான்: நோய் ஓரிடத்தில், கைக்கு எட்டும் ஆழத்தில் இருக்கிறது.

புகையிலை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, வயது ஆகியவை சேர்ந்து குழாயின் உட்சுவரைப் புண்ணாக்க, சுவருக்குள் கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து தடிக்கின்றன. இது பல வருட வேலை. அவ்வளவு காலமும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது.

குழாய் குறுகக் குறுக மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் போதாமல் போய்ப் பக்கவாதம் வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது குறைவு. மூளைக்கு நான்கு குழாய்கள் ரத்தம் கொண்டுபோகின்றன. மூளையின் அடியில் அவை ஒரு வளையமாக ஒன்றோடொன்று இணைகின்றன. ஒன்று மெதுவாகக் குறுகினால் மற்றவை ஈடுகட்டும். சிலருக்கு ஒரு பக்கக் கரோட்டிட் முழுவதும் அடைபட்டே போயிருக்கும், அவர்களுக்கே தெரியாது.

பெரும்பாலும் நடப்பது வேறு. கொழுப்புப் படிவின் மேலே ஒரு மெல்லிய மூடி இருக்கும். அது ஒரு நாள் கிழிகிறது. கிழிந்த இடத்தைக் காயம் என்று எண்ணி, ரத்தத்தின் தட்டணுக்கள் அங்கே ஒட்டி ரத்தக்கட்டி உண்டாக்குகின்றன. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து, ரத்த ஓட்டத்தோடு மேலே போய், மூளையின் சிறு கிளை ஒன்றில் சிக்குகிறது. துணுக்கு சிறிதாக இருந்து தானே கரைந்தால் இருபது நிமிடத் தளர்ச்சி. கரையாவிட்டால் நிரந்தரப் பக்கவாதம். இடது கரோட்டிட்டிலிருந்து போனால் வலது கை, வலது கால், பேச்சு பாதிக்கப்படும். வலதிலிருந்து போனால் இடது கை, இடது கால். துணுக்கு கண்ணுக்குப் போகும் கிளையில் புகுந்தால், அதே பக்கத்துக் கண்ணில் மேலிருந்து திரை இறங்குவது போல இருட்டி, சில நிமிடங்களில் விலகும். கண்ணில் வந்ததுதானே என்று கண் மருத்துவரோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. கோளாறு கழுத்தில் இருக்கலாம்.

கிழிந்த மூடி ஒரே நாளில் ஆறுவதில்லை. முதல் துணுக்கு போன பிறகும் அந்த இடம் சில நாட்கள், சில வாரங்கள் பச்சைப் புண்ணாகவே இருந்து, இன்னும் துணுக்குகளை அனுப்பக்கூடும். பிறகு மெல்ல மூடி அமைதியாகிறது. சிகிச்சை பற்றிய எல்லா முடிவுகளும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே எடுக்கப்படுகின்றன.

நம் ஆள் வீட்டுக்குப் போனதும் மகள் பிடித்துக்கொண்டாள். "அப்பா, கை வராம போய் திரும்பி வந்ததுன்னா அது சும்மா இல்லப்பா" என்று அன்று இரவே வேலூருக்கு அழைத்துப் போனாள். அவள் செய்தது முழுக்கச் சரி. ஒன்றே ஒன்று சேர்க்க வேண்டும்: கை விழுந்த அந்த நிமிடமே 108-ஐ அழைத்திருக்க வேண்டும். அது இருபது நிமிடத்தில் சரியாகுமா, நிரந்தரமாகுமா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிரந்தரமாகும் வகை என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் கெடு. அதில் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு நெடுஞ்சாலையில் போகும் ஒரு மணி நேரமும் அடக்கம்.

வேலூருக்கும் பக்கவாதத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் நரம்பு அறுவை சிகிச்சைக்கென முதல் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். பிறகு அதே கல்லூரியைச் சேர்ந்த ஜேக்கப் ஆபிரகாமும் உடன் பணியாற்றியவர்களும் வேலூர்ப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே வீடு வீடாகக் கணக்கெடுத்து, பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்தவர்கள் லட்சத்துக்கு ஏறத்தாழ 57 பேர் என்று 1970-இல் எழுதினார்கள். தென்னிந்தியாவில் இந்த நோய்க்கு எண்ணிக்கை தந்த முதல் வேலைகளில் அது ஒன்று.

மருத்துவமனையில் முதலில் தலைக்கு சி.டி. ஸ்கேன். இதை எடுக்காமல் வேறு எதுவும் செய்யக் கூடாது. அடைப்பால் வரும் பக்கவாதமும் ரத்தக்கசிவால் வரும் பக்கவாதமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அடைப்புக்குத் தரும் மருந்து, கசிவில் ஆளைக் கொல்லக்கூடும். ஸ்கேன் எடுக்கும் முன் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடுவது மாரடைப்புக்குப் பழகிய வழக்கம். பக்கவாதத்தில் அதைச் செய்ய வேண்டாம்.

அவர் தலையில் கசிவு இல்லை. உடனே ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும், தட்டணுக்களை ஒட்டவிடாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகள், முதல் தடவை கூடுதல் அளவில் கொடுத்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்து வழக்கமாக 21 நாட்கள் தருவார்கள். அதன் பிறகு ஒன்று மட்டும் தொடரும். இரண்டையும் மாதக்கணக்கில் சேர்த்தே விழுங்கினால் பக்கவாதத்திலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு பெரிதாகக் கூடாது, வயிற்றிலும் மூளையிலும் ரத்தம் கசியும் ஆபத்துதான் கூடும். கூடவே அடோர்வாஸ்டேடின் பெரிய அளவில். இது கெட்ட கொழுப்பைக் குறைப்பதோடு, படிவின் மூடியைத் தடிக்கச் செய்து கிழியாமல் வைக்கவும் உதவுகிறது. கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல்., 70-க்குக் கீழே வர வேண்டும் என்பது இலக்கு. இந்த மருந்துகளை ஆரம்பித்தாயிற்று என்பதற்காக அறுவை சிகிச்சை வேண்டாம் என்று ஆகிவிடாது. யாருக்கு அறுவை செய்தாலும் மருந்து அடித்தளமாக இருந்தே தீரும். "மருந்தா, அறுவையா" என்று கேட்பது பழகிப்போய்விட்டது. சரியான கேள்வி, மருந்து மட்டுமா, மருந்தோடு அறுவையுமா என்பது.

செவ்வாய்க்கிழமை கழுத்துக்கு டாப்ளர் எடுத்தார்கள். குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும், அந்த வேகத்தை ஒலி அலையால் அளப்பதுதான் டாப்ளர். அறிக்கையில் பி.எஸ்.வி. என்று எழுதியிருப்பது அதன் உச்ச வேகம். விநாடிக்கு 125 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பாதிக்கும் குறைவான சுருக்கம். 230-ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அவருக்கு இடப்பக்கம் 290, வலப்பக்கம் 150. டாப்ளர் எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து எண் மாறும். அதனால் அதை மட்டும் நம்பிக் கழுத்தைத் திறக்க மாட்டார்கள். அடுத்து சி.டி. ஆஞ்சியோ, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி முதல் மூளை வரை.

இந்த "மூளை வரை" என்பது நம்மவர்களுக்கு முக்கியம். மேலை நாடுகளைவிட இந்தியர்களிடமும் கிழக்காசியர்களிடமும் மண்டையோட்டுக்குள் இருக்கும் குழாய்கள் குறுகுவது அதிகம். கழுத்தை மட்டும் பார்த்து நிறுத்தினால் உண்மையான குற்றவாளி மேலே ஒளிந்திருக்கலாம். மண்டைக்குள் இருக்கும் சுருக்கத்துக்கு வழி வேறு. அங்கே ஸ்டென்ட் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2011-இல், மருந்து மட்டும் எடுத்தவர்களே நன்றாக இருந்தார்கள் என்று காட்டியது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருக்கிறதா, வால்வில் கோளாறு உண்டா என்றும் பார்ப்பார்கள். அங்கிருந்தும் ரத்தக்கட்டி வரலாம், அதற்கு மருந்தே வேறு.

அவருக்கு மண்டைக்குள்ளும் இதயத்திலும் கோளாறு இல்லை. இடது கரோட்டிட்டில் மிகக் குறுகிய இடம் 1.2 மில்லிமீட்டர். அதற்கு மேலே, நோயில்லாத பகுதியின் அகலம் 5 மில்லிமீட்டர். 5-இல் 3.8 போய்விட்டது, ஆக 76 சதவீதம் சுருக்கம். வலது பக்கம் 2.2 மில்லிமீட்டர் மிச்சம், 56 சதவீதம்.

இங்கே ஒரு குழப்பம் நேரும், முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். அதே இடது குழாயை வேறொருவர் 85 சதவீதம் என்று எழுதக்கூடும். குறுகிய இடத்தில் குழாயின் பழைய அகலம் 8 மில்லிமீட்டர் இருந்திருக்கும் என்று கணித்து அதோடு ஒப்பிட்டால் அப்படி வரும். முன்னது வட அமெரிக்க முறை, பின்னது ஐரோப்பிய முறை. குழாய் ஒன்றுதான், நோய் கூடிவிடவில்லை. இரண்டு மருத்துவமனைகளின் அறிக்கையை வைத்துக்கொண்டு பயந்துபோகிறவர்கள், எந்த முறையில் அளந்தீர்கள் என்று கேட்டால் போதும். இன்று சிகிச்சை முடிவுகளுக்கு வட அமெரிக்க முறையே வழக்கம்.

அந்த முறைக்குப் பெயர் தந்த நாஸ்கெட் ஆய்வு 1991-இல் வெளியானது. அதற்கு முன்பே, ஐம்பதுகளிலிருந்து, இந்த அறுவை நடந்துவந்தது. 1954-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் நடந்த ஒன்று பெயர் பெற்றது. ஆனால் யாருக்குப் பயன், யாருக்கு வீண் என்று முறையாகத் தெரிந்தது நாஸ்கெட்டிலும், அதே ஆண்டு வந்த ஐரோப்பிய ஆய்விலும்தான். கை கால் தளர்ச்சியோ கண் இருட்டோ வந்து, அதற்குக் காரணமான பக்கத்தில் 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். மருந்து மட்டும் எடுத்த நூறு பேரில் 26 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பக்கத்துப் பக்கவாதம் வந்தது. அறுவையும் செய்துகொண்ட நூறு பேரில் 9 பேருக்கு. அறுவையின்போதே நேர்ந்த பக்கவாதங்களும் மரணங்களும் அந்த ஒன்பதில் அடக்கம். ஆறு பேருக்கு அறுவை செய்தால் ஒருவர் பக்கவாதத்திலிருந்து தப்பினார். மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான லாபம் அடிக்கடி கிடைப்பதில்லை. சுருக்கம் 50 முதல் 69 சதவீதம் என்றால் லாபம் உண்டு, ஆனால் சிறியது. 50-க்குக் கீழே லாபமே இல்லை. இன்றைய மருந்துகள் அன்றைய மருந்துகளைவிட வலுவானவை, அதனால் இன்று அந்த 26 இவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனாலும் அறிகுறியும் 70-க்கு மேல் சுருக்கமும் சேர்ந்தால் அறுவை என்பதே இன்றும் உலக வழிகாட்டு நெறி.

அடுத்தது நாள் கணக்கு. இந்த ஆய்வுகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர் பீட்டர் ராத்வெல் 2004-இல் காட்டியது இது: அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால், ஐந்து பேருக்குச் செய்து ஒருவரைக் காப்பாற்றலாம். மூன்று மாதம் கழித்துச் செய்தால், ஒருவரைக் காப்பாற்ற 125 பேருக்குச் செய்ய வேண்டும். கிழிந்த மூடி பச்சைப் புண்ணாக இருக்கும் காலத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். தாமதித்தால், வர வேண்டிய பக்கவாதம் அதற்குள் வந்துவிட்டிருக்கும், அல்லது புண் ஆறிவிட்டிருக்கும். பிறகு கத்தி வைப்பதில் பெரிய அர்த்தமில்லை.

நம் பக்கத்தில் இந்த இரண்டு வாரத்தைத் தின்பது பெரும்பாலும் நோயல்ல, நடை. "சரியாப் போச்சே" என்ற நம்பிக்கையில் நான்கு நாள். மருந்துக்கடையில் ஒரு வைட்டமின் ஊசி. ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரை, காப்பீட்டு ஒப்புதல், ஸ்கேனுக்கு முறை. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் தவிர்க்கக்கூடியது. பரிந்துரைக் கடிதத்தில் "கழுத்துக் குழாய் அடைப்பு" என்று மட்டும் எழுதினால் அதைப் படிப்பவருக்கு அவசரம் தெரியாது. கை விழுந்த தேதியைக் கடிதத்தின் மேலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். எல்லாரும் எண்ணத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான்.

அவருக்கு அறுவை எட்டாம் நாள் நடந்தது. கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குக் கீழே இருந்து இறங்கும் பெரிய தசையின் முன்னோரமாகத் தோலைத் திறக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி போட்டு, கரோட்டிட்டையும் அதன் இரு கிளைகளையும் கவ்வியால் அடைக்கிறார்கள். அந்த நேரத்தில் மூளையின் அந்தப் பக்கம் மற்ற குழாய்களை நம்பியிருக்கிறது. அவை போதாவிட்டால், தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்து ரத்தத்தைச் சுற்றி அனுப்புவார்கள். கழுத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே அறுவை செய்வதும் உண்டு. அப்போது எதிர்ப்பக்கக் கையில் அமுக்கினால் சத்தமிடும் பொம்மை ஒன்றைக் கொடுத்து அவ்வப்போது அமுக்கச் சொல்வார்கள். சத்தம் நின்றால் மூளைக்கு ரத்தம் போதவில்லை. குழாயை நீளவாக்கில் திறந்து, தடித்த படிவை உட்சுவரிலிருந்து பிரித்து முழுசாக எடுத்துவிடுகிறார்கள். பிறகு திறந்த இடத்தை வெறுமனே தைத்தால் மறுபடி குறுகலாம் என்பதால், ஒட்டுத்துண்டு ஒன்றை வைத்துத் தைத்து அகலமாக்கி மூடுகிறார்கள்.

ஆபத்து இல்லாமல் இல்லை. எந்தப் பக்கவாதத்தைத் தடுக்க இதைச் செய்கிறோமோ, அதுவே மேசையில் வரலாம். அறிகுறி இருந்தவர்களுக்கு, அறுவையால் வரும் பக்கவாதமும் மரணமும் சேர்ந்து நூற்றுக்கு ஆறுக்குள் இருக்கும் மருத்துவர் குழுவிடம் மட்டுமே இந்த லாபக் கணக்கு செல்லும். ஆறைத் தாண்டினால் லாபம் கரைந்துபோகும். ஆகவே "உங்களிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஆனது?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. மாரடைப்பு வரலாம், முன்பே இதயத்தைப் பார்ப்பது அதற்காகத்தான். நாக்கை அசைக்கும் நரம்பும் குரலுக்கான நரம்பும் அந்த இடத்தை ஒட்டியே போவதால், சிலருக்கு நாக்கு ஒரு பக்கம் இழுக்கும், குரல் கம்மும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். வீட்டுக்குப் போன பிறகு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நெடுநாள் குறைந்த ரத்தத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று நிறைய ரத்தம் பாய்வதால், முதல் ஓரிரு வாரங்களுக்குள் அறுவை செய்த பக்கம் கடுமையான தலைவலியும், ஏறிய ரத்த அழுத்தமும், சில சமயம் வலிப்பும் வரலாம். அந்தத் தலைவலிக்கு மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

ஸ்டென்ட் வைத்திருக்கலாமே, கழுத்தைக் கிழிக்க வேண்டியதில்லையே என்று மகள் கேட்டாள். தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ கம்பியை ஏற்றி, மேலே ஒரு வடிகட்டியை விரித்து, பலூனால் விரிவாக்கிக் கம்பிவலைக் குழாயை வைப்பது அது. இதயத்துக்குச் செய்வதுபோலத் தோன்றும். ஆனால் கழுத்தில் கம்பி உரசும்போதே துணுக்கு மேலே போகக்கூடும், அதுவும் படிவு பச்சையாக இருக்கும் முதல் வாரத்தில் ஆபத்து கூடுதல். 2010-இல் வந்த க்ரெஸ்ட் ஆய்வில் இரண்டு முறைகளும் மொத்தக் கணக்கில் ஏறக்குறைய சமமாக நின்றன. பிரித்துப் பார்த்தால் ஸ்டென்டில் பக்கவாதம் அதிகம், அறுவையில் மாரடைப்பு அதிகம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அறுவையே மேலாக இருந்தது. இந்தப் பகுதியில் ஸ்டென்ட் பொருந்துகிறவர்களும் உண்டு. புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்று வந்து கழுத்துக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு அங்கே தோலும் திசுவும் இறுகிப்போயிருக்கும், கத்தி வைப்பது கடினம். முன்பே அறுவை செய்து மறுபடி குறுகியவர்கள், தாடைக்கு மேலே எட்டாத உயரத்தில் சுருக்கம் உள்ளவர்கள், இதயம் மிகப் பலவீனமானவர்கள் ஆகியோருக்கும் அப்படித்தான். நம் ஆளுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

சரி, வலது குழாய்? அதுவும் 56 சதவீதம் குறுகித்தான் இருக்கிறது. "ஒரு வழியா ரெண்டையும் சேர்த்துச் செஞ்சிடுங்க டாக்டர்" என்று குடும்பம் கேட்டது. மருத்துவர் மறுத்தார், அது சரியான மறுப்பு. அந்தக் குழாய் இதுவரை எந்த அறிகுறியும் தரவில்லை. அறிகுறி தராத குழாய் பக்கவாதத்தைக் கொண்டுவரும் வாய்ப்பு மிகக் குறைவு.

அறிகுறி இல்லாதவர்களுக்கும் அறுவை செய்து பார்த்த பெரிய ஆய்வு 2004-இல் வந்தது. ஐந்து ஆண்டுகளில் அறுவை செய்யாமல் காத்திருந்த நூறு பேரில் ஏறத்தாழ 12 பேருக்குப் பக்கவாதமோ அறுவையை ஒட்டிய மரணமோ, செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 6 பேருக்கு. அதன் பிறகு மருந்துகள் மேம்பட்டன. 2025 நவம்பரில் வந்த க்ரெஸ்ட்-2, அறிகுறியே இல்லாமல் 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் உள்ளவர்களிடம், நல்ல மருந்துக் கட்டுப்பாட்டோடு இதைத் திரும்பப் பார்த்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கு 5 முதல் 6 பேருக்கே பாதிப்பு. அறுவை சேர்த்தவர்களில் அது 4-க்குச் சற்றுக் கீழே, ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவிலேயே நின்றது. ஸ்டென்ட் சேர்த்தவர்களில் 3-க்குச் சற்றுக் கீழே, இந்த வேறுபாடு தெளிவாக இருந்தது. அதாவது 70-ஐத் தாண்டியவர்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்ற அளவுதான் பேச்சு. 56 சதவீதத்துக்கு அந்தப் பேச்சே எழவில்லை.

நம் ஊர்களில் முழு உடல் பரிசோதனையிலோ, தலைசுற்றல் என்று போனவருக்கோ டாப்ளர் எடுத்து, "கழுத்தில் அடைப்பு" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் அன்றிரவு யாரும் தூங்குவதில்லை. தலைசுற்றலும் பொதுவான மயக்கமும் கரோட்டிட் சுருக்கத்தின் அறிகுறிகள் அல்ல. ஒரு பக்கக் கை, கால், முகம் தளர்வது, பேச்சு குழறுவது அல்லது வராமல் போவது, ஒரு கண் இருட்டுவது, இவைதான் கணக்கில் வரும், அதுவும் கடந்த ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால். தலைசுற்றலுக்காக எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரிந்த 60 சதவீதத்துக்கு அவசரமாக அறுவை செய்துகொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நூறு சதவீதம் மூடிப்போன குழாய்க்கும் அறுவை செய்வதில்லை. "முழுசா அடைச்சதுக்குச் செய்யாம, பாதி அடைச்சதுக்குச் செய்றாங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. மூடிய குழாய் வழியே இனித் துணுக்கு எளிதில் போகாது. அதைத் திறக்கப் போனால்தான் துணுக்கு கிளம்பும்.

ஆகவே வலது குழாய்க்கு மருந்து. இப்போது அவர் தினமும் எடுப்பது தட்டணு மருந்து ஒன்று, அடோர்வாஸ்டேடின், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள். அழுத்தம் 130/80-க்குள் இருக்க வேண்டும். பீடியை விட்டுவிட்டார். இடது கழுத்தில் அறுத்துத் தைத்ததால் எல்லாம் முடிந்தது என்று இந்த மாத்திரைகளை நிறுத்தினால், வலது குழாய் மட்டுமல்ல, இதயமும் அதே வழியில் போகும். கரோட்டிட் நோயாளிகளைக் காலப்போக்கில் அதிகம் கொல்வது மாரடைப்புதான்.

ஆறு மாதத்தில் ஒரு டாப்ளர், பிறகு ஆண்டுக்கொன்று, முடிந்தவரை ஒரே இடத்தில், எண்களை ஒப்பிட வசதியாக. வலது பக்க வேகம் 150-இலிருந்து அடுத்த ஆண்டு 160 ஆனால் கவலையில்லை, அது அளவையின் ஆட்டம். 250-ஐத் தாண்டினால் சி.டி. ஆஞ்சியோ எடுத்து மறுபடி யோசிப்பார்கள். அதற்கு முன்பே ஒரு நாள் இடது கை நழுவினாலோ, வலது கண்ணில் திரை இறங்கினாலோ, இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், அந்த நிமிடத்திலிருந்து அந்த 56 சதவீதத்துக்கும் இரண்டு வாரக் கணக்கு ஓடத் தொடங்கும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை மகள் ஒரு தாளில் எழுதி, 108 என்ற எண்ணோடு, தொழிற்சாலையில் அவர் பக்கத்தில் நிற்கும் அந்தப் பையனிடம் கொடுத்து வைத்திருக்கிறாள்.